படையல் படத்தில் மச்சமும் கன்னக்குழியும் தோலோடு ஒட்டி வர: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற நகரங்களில் படம் திருத்தித் தரும் வேலையைத் தொடங்கினால், முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரே வகை வேலைதான். வீட்டில் பெரியவர் ஒருவர் தவறியிருப்பார். இருப்பது ஐசிக்கு எடுத்த சின்னப் படம், இல்லாவிட்டால் கல்யாணக் கூட்டத்தில் எடுத்த ஒன்று. அதைப் பெரிதாக்கி, கறை நீக்கி, சட்டம் போட்டு, பதினாறாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். சுத்தமாகச் செய்து கொடுத்தபின் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரிதான் இருக்கு அண்ணே, ஆனா அம்மா இல்லையே" என்பார். கறை என்று நினைத்து நீங்கள் துடைத்த புள்ளி அவருடைய மச்சமாக இருந்திருக்கும். கைப்பேசியின் அழகூட்டும் வசதியில் எடுத்த படமாக இருந்தால், கன்னக்குழியும் வெயில் புள்ளிகளும் உங்கள் கைக்கு வருமுன்பே போயிருக்கும்.

அவற்றைத் திரும்ப வைப்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கருவி GIMP. காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும். வேறு செயலி வைத்திருந்தால் பொத்தான்களின் இடம்தான் மாறும், முறை மாறாது.

1. முதலில் ஆதாரம்

திருத்தத் தொடங்குமுன் அதே முகம் உள்ள வேறு இரண்டு படங்களாவது கேட்டு வாங்குங்கள். ஒன்று நேராகப் பார்ப்பது, ஒன்று சிரிப்பது. எந்தப் பக்கம் மச்சம் என்று வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதற்கே மற்றவரும் தலையாட்டிவிடுவார்.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது: இடவலம் மாறிய படம். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் எடுத்த சில படங்கள் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிப் பதிவாகியிருக்கும். பழைய நெகட்டிவைப் பின்பக்கமாக வைத்துக் கழுவியிருந்தாலும் அப்படித்தான். ஆடையைப் பாருங்கள். முந்தானை வழக்கமாக அவருடைய இடத்தோளில் விழும். ஆண்களின் சட்டைப்பை அவருடைய இடமார்பில் இருக்கும். இரண்டுமே நமக்குப் படத்தின் வலப்பக்கம் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் முதலில் Image > Transform > Flip Horizontally. மச்சத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடப்பிதழ், ஐசி, வேலை பெர்மிட் என்று எந்த அதிகாரப்பூர்வப் பயன்பாட்டுக்கான படத்திலும் மச்சம் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. தெரிந்தவர் கேட்டாலும் சரி. இந்த முறை சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு மட்டும்.

2. ஸ்கேன்

35×50 மில்லிமீட்டர் படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650×2360 பிக்சல் கிடைக்கும். 8R, அதாவது 8×10 அங்குலப் படத்துக்கு 300 புள்ளி அளவில் 2400×3000 வேண்டும். எனவே கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும், தாங்கும். ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். தூசிக்கும் மச்சத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

நம் ஊர் ஈரத்தில் பழைய படங்களில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருக்கும். எது பூஞ்சை, எது மச்சம்? முகத்துக்கு வெளியே சேலையிலும் பின்திரையிலும் அதே மாதிரிப் புள்ளி இருந்தால் பூஞ்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு படங்களில் ஒரே இடத்தில் இருந்தால் மச்சம். சந்தேகமாக இருப்பதைத் துடைக்காமல் விட்டுவைத்து வீட்டாரிடம் காட்டிக் கேளுங்கள்.

3. அளவும் வெளிச்சமும் கண்டுபிடிப்பது

மச்சத்தை எவ்வளவு பெரிதாக வைப்பது என்று கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் பெரிதாகவே போகும். அளக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணின் கருவட்டம் பெரியவர்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, குறுக்கே சுமார் 12 மில்லிமீட்டர். படத்தைப் பெரிதாக்கி, Measure கருவியால் கருவட்டத்தின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே தொடர்வோம். 8R அளவில் ஒரு பாட்டியின் படம். கருவட்டம் 72 பிக்சல். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 6 பிக்சல். மகள் சொல்லும் மச்சம் மிளகளவு, சுமார் 4 மில்லிமீட்டர், ஆக 24 பிக்சல். இது திரையில் பார்க்க மிகவும் சின்னதாகத் தோன்றும். நம்புங்கள், கணக்குச் சரி.

அடுத்து வெளிச்சம். கண்மணியில் வெள்ளையாக மின்னும் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நம் பாட்டி படத்தில் மின்னல் கண்மணியின் மேல் இடது ஓரத்தில் இருக்கிறது, மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுகிறது. வெளிச்சம் நமக்கு இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. இதை ஒரு தாளில் அம்புக்குறியாக வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேடாக இருப்பதற்கு வெளிச்சம் வரும் பக்கம் பளபளக்கும், எதிர்ப்பக்கம் நிழலாகும். பள்ளத்துக்கு இது அப்படியே தலைகீழ். இந்த வேலையில் பாதிப் பிழை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

4. மச்சம்

Layer > New Layer போய்ப் படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்ற புதிய லேயர் திறந்து, Mode என்ற இடத்தில் Multiply தேர்ந்தெடுங்கள். பெயர் `macham` என்று வையுங்கள். முகம் இருக்கும் லேயரில் நேரடியாக வரையாதீர்கள். நாளைக்கு "இன்னும் கொஞ்சம் கீழே" என்று சொல்வார்கள்.

நிறம் கறுப்பாக இருக்கவே கூடாது. கறுப்பில் வைத்த மச்சம் பேனா மை சிந்தியது போல நிற்கும். மாநிறத் தோலுக்கு இதிலிருந்து தொடங்கலாம்:

```
#8a6f68
```

Multiply முறையில் இது கீழே உள்ள தோலின் நிறத்தோடு பெருக்கப்பட்டு, செம்மை கலந்த கரும்பழுப்பாகத் தெரியும். தோலின் துளைகளும் வெளிச்ச ஏற்ற இறக்கமும் அதனூடே தெரிந்துகொண்டே இருக்கும். தோலோடு ஒட்டியிருப்பதாகக் கண் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான். கறுப்பு வெள்ளைப் படமென்றால் நிறமில்லாச் சாம்பலே போதும்.

இனி வடிவம். பாட்டியின் மச்சம் அவருடைய இடக்கன்னத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் கன்னம் கேமராவிலிருந்து விலகித் திரும்புகிறது. நேராகப் பார்த்தால் வட்டமாக இருக்கும் புள்ளி, சாய்ந்த பரப்பில் அகலம் குறைந்து நீள்வட்டமாகத் தெரியும். 45 பாகை சாய்வில் அகலம் சுமார் 0.7 பங்காகும், 60 பாகையில் பாதியாகும். ஆக நம் மச்சத்துக்கு உயரம் 24 பிக்சல், அகலம் 17 பிக்சல். சாய்வை எப்படி ஊகிப்பது? கன்னத்தின் ஓரக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்தின் முன்பக்கம் என்றால் வட்டமே சரி.

எளிய வழி இது. `2. Hardness 075` தூரிகையை 17 பிக்சலுக்கு வையுங்கள். ஒரு முறை அழுத்துங்கள். பிறகு 7 பிக்சல் கீழே, மிகச் சிறிது பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு முறை அழுத்துங்கள். 17×24 அளவில், ஓரம் சற்றே ஒழுங்கில்லாத வடிவம் வரும். அந்த ஒழுங்கின்மை வேண்டும்.

அடுத்தது மங்கல். புதியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் மறப்பார்கள். பழைய படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், உங்கள் மச்சம் மட்டும் கூர்மையாக இருக்கும், முகத்தின் மேல் மிதக்கும். 200 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, புருவ முடியின் ஓரத்தையும் மச்சத்தின் ஓரத்தையும் ஒப்பிடுங்கள். Filters > Blur > Gaussian Blur போய் 1-இல் தொடங்கி, இரண்டு ஓரமும் ஒரே அளவு மங்கும்வரை கூட்டுங்கள். படத்தில் மணல்மணலாகப் பொரி இருந்தால் Filters > Noise > RGB Noise கொடுத்து மச்சத்திலும் கொஞ்சம் பொரி சேருங்கள்.

கடைசியாக, மச்சம் மேடா தட்டையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தட்டை என்றால் வேலை முடிந்தது, நிழல் எதுவும் போடாதீர்கள். மேடு என்றால் இன்னொரு புதிய லேயர், Mode Normal. மச்சத்தின் மேல் இடது விளிம்புக்குள் 4 பிக்சல் தூரிகையால், கன்னத்திலேயே பளிச்சென்றிருக்கும் இடத்தின் நிறத்தை எடுத்து, தூரிகையின் அடர்த்தியான Opacity-ஐ 25-இல் வைத்து ஒரு தொடுதல். கீழ் வலது விளிம்புக்கு வெளியே மெல்லிய நிழல், அதுவும் இதே அளவு இலேசாக. பொதுவாக மச்சங்கள் வயதாக ஆக மேடாகி நிறம் வெளுக்கக்கூடும். அதனால் முப்பது வயதுப் படத்தைப் பார்த்து அறுபது வயது முகத்துக்கு அப்படியே நகல் எடுக்காதீர்கள்.

5. வெயில் புள்ளிகள்

பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டவர்கள் முகத்தில் இவை சகஜம். மங்கு என்ற கரும்படலமும் அப்படியே. ஆனால் மங்கு ஓரம் தெரியாத படலம். அதைப் புள்ளியாக வைத்தால் தப்பு, பெரிய மென்தூரிகையால் இலேசாகப் பூச வேண்டும்.

சின்னப் புள்ளிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர், நம் படத்தில் 6 முதல் 12 பிக்சல். மறுபடி Multiply லேயர்தான், ஆனால் ஒன்றல்ல, மூன்று. முதல் லேயரில் பெரியதும் வெளிறியதுமாகப் பல. இரண்டாவதில் நடுத்தரம். மூன்றாவதில் சற்றுக் கறுத்தவை, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. லேயரின் Opacity-ஐத் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம் என்பதுதான் மூன்றாகப் பிரிப்பதன் பயன்.

எங்கே வைப்பது என்பதை வெயில் தீர்மானிக்கும். மூக்குத்தண்டு, கன்னத்தின் மேல்மேடு, நெற்றியின் மேல்பகுதி ஆகியவற்றில் அடர்த்தி. மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் வேண்டாம். ஓரத்துக்குப் போகப் போகப் புள்ளிகள் ஒடுங்கி நெருக்கமாகத் தெரியும், அதே நீள்வட்டக் கணக்குதான். தூரிகையின் Apply Jitter வசதியைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் நிமிடத்தில் முடியும், ஆனால் சீராகத் தூவிய மாதிரி இருக்கும். கையால் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டு, மூன்று ஒட்டிக்கொள்ளட்டும், பக்கத்தில் வெறுமையாக இடம் விடுங்கள். இடக்கன்னத்தில் வைத்ததை நகலெடுத்துத் திருப்பி வலக்கன்னத்தில் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இந்தப் புள்ளிகள் தோலுக்குள் இருப்பவை. எண்ணெய்ப் பசையின் பளபளப்பு தோலுக்கு மேலே இருப்பது. ஆகவே மூக்கு நுனியிலும் கன்னமேட்டிலும் வெளிச்சம் பட்டு வெளுத்திருக்கும் இடத்தில் புள்ளி மங்கித்தான் தெரிய வேண்டும். Multiply இதைத் தானாகச் செய்யாது. அழிப்பானை Opacity 40-க்கு வைத்து அந்த இடங்களில் ஒரு முறை ஓட்டுங்கள்.

Displace என்ற வடிகட்டிக்கு முகத்தின் வெளிச்சத்தையே வரைபடமாகக் கொடுத்தால் புள்ளிகள் தோலின் வளைவோடு தானாக வளையும் என்று சொல்லித் தருபவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சமாக இருப்பதெல்லாம் மேடு என்று அது எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் படத்தில் அது பொய், நிழல்பக்கக் கன்னம் முழுவதும் பள்ளமாகக் கணக்காகிப் புள்ளிகள் நகர்ந்துவிடும்.

6. கன்னக்குழி

முதலில் ஒரு கேள்வி: படத்தில் அவர் சிரிக்கிறாரா? பெரும்பாலோருக்குக் கன்னக்குழி சிரிக்கும்போதுதான் விழும். கன்னத்தில் வாயோரத்தை மேலே இழுக்கும் தசை சிலருக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். பிரிந்த இடத்தில் தோல் உள்ளே பிடிபட்டிருப்பதால் சிரிக்கையில் அங்கே குழி விழுகிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். ஐசிக்காக விறைப்பாக உட்கார்ந்த முகத்தில் குழி வைத்தால் அது தழும்பாகத்தான் தெரியும். வீட்டார் கேட்டாலும் சிரிக்கும் படம் வேறொன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

இடம் தெரியாவிட்டால் ஒரு வழி உண்டு. வெளிக்கண் ஓரத்திலிருந்து நேர் கீழாக ஒரு கோடு, வாயோரத்திலிருந்து கிடையாக ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தை அறுவை மருத்துவர்கள் கூ பூ-சாய் புள்ளி என்கிறார்கள். 1962-இல் கன்னக்குழி அறுவையைப் பற்றி எழுதிய சிங்கப்பூர் மருத்துவரின் பெயர் அது. ஆதாரப் படம் இருந்தால் இந்தக் கணக்கு தேவையில்லை, படம் காட்டும் இடமே இடம்.

முகத்தின் லேயரை Layer > Duplicate Layer கொடுத்து நகலெடுங்கள். நகலில் Warp Transform கருவியை எடுத்து, Shrink area தேர்ந்து, Size 70, Strength 10 என்று வைத்து, குழியின் நடுவில் ஓரிரு முறை மட்டும் அழுத்தி Enter தட்டுங்கள். சுற்றியுள்ள துளைகள் நடுவை நோக்கி மிகச் சிறிது இழுபடும். இது இல்லாமல் நிழல் மட்டும் போட்டால் கரி தடவியது போலிருக்கும். கூடிப்போனால் கன்னம் கிள்ளியது போலாகும்.

பிறகு புதிய லேயர், Mode Soft light. இரண்டு தொடுதல்கள் வேண்டும். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது அல்லவா? குழியின் இடது மேல் சரிவு வெளிச்சத்துக்கு முதுகு காட்டுகிறது, ஆகவே அங்கே நிழல். வலது கீழ்ச் சரிவு வெளிச்சத்தைப் பார்க்கிறது, அங்கே இலேசான பளிச்சு. மாற்றிப் போட்டால் குழி கொழுக்கட்டையாகப் புடைத்து நிற்கும். நிழலுக்குக் கறுப்பு எடுக்காமல் அடர்பழுப்பு எடுங்கள். தூரிகை `2. Hardness 025`, Opacity 8. ஒரே அழுத்தலில் முடிக்காமல் மெல்ல மெல்ல ஏற்றுங்கள்.

நிழலை வட்டமாகப் போடாதீர்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு வரும் சிரிப்புக் கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக வளைந்த பிறை போல் வரட்டும். நம் படத்தில் 50 பிக்சல் நீளம், 18 பிக்சல் அகலம் என்று தொடங்கலாம். ஒரு கன்னத்தில் மட்டும் குழி இருப்பது இயல்புதான். இரண்டிலும் இருந்தாலும் ஒன்று ஆழமாகவும் மற்றது மேலாகவும் இருக்கும்.

7. சோதனை அச்சு

திரையில் சரியாகத் தெரிவது அச்சில் கறுத்துப் போகும். மச்சம் ஓட்டை போலவும் குழி தழும்பு போலவும் வருவது இந்த இடத்தில்தான். முழு 8R அச்சுக்கு முன், அதே கோப்பிலிருந்து முகம் வரும் பகுதியை 1200×1800 பிக்சலுக்கு வெட்டி, 300 புள்ளி அளவில் ஒரு 4R அச்செடுங்கள். சுருக்காமல் வெட்டுவதால் முகம் இறுதி அச்சில் வரும் அதே அளவில் வரும். பெரும்பாலான கடைகளில் ஒரு வெள்ளி அளவில் முடியும் செலவு இது.

அந்த அச்சைக் கையில் பிடிக்காமல் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். வீட்டில் படத்தை அப்படித்தான் பார்ப்பார்கள். கண் நேராக மச்சத்துக்கே போனால் அது அதிகம். லேயரின் Opacity-ஐ 10, 15 குறைத்து இன்னொரு 4R எடுங்கள்.

8. நாள் கணக்கும் கோப்பும்

பதினாறாம் நாளுக்கு என்று கேட்டால் பன்னிரண்டாம் நாளுக்குள் இறுதிக் கோப்பு முடிந்திருக்க வேண்டும். பெரிய அளவு அச்சை ஈப்போவுக்கு அனுப்ப வேண்டி வந்தால் போய்வர நாள் பிடிக்கும், அதன்பின் சட்டம் போடும் வேலை இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் இதை அப்படியே நம்பாதீர்கள், எல்லாக் கடையிலும் நெருக்கடி.

4R அச்சைக் கொடுத்து, மச்சத்தின் பக்கமும் அளவும் சரி என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பெரிய அச்சுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் தருபவர் ஒருவராக இருக்கட்டும். ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஐந்து மச்சம் வரும். கூலியைப் பேசும்போது முதல் திருத்தம் கூலியில் சேர்த்தி, இரண்டாவதிலிருந்து தனி என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கோப்பை `.xcf` ஆக லேயர்களோடு சேமியுங்கள், அச்சுக்கு மட்டும் JPEG. தங்கை வீட்டுக்கு இன்னொரு படம் வேண்டும், அதில் மச்சம் இன்னும் சின்னதாக இருக்கட்டும் என்று சில மாதம் கழித்துக் கேட்டு வருவார்கள். JPEG மட்டும் வைத்திருந்தால் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.